இருபத்தைந்து புள்ளி ஐந்து ஒன்று

சித்தூர் ஸ்டேடியத்தில் காலையில் ஸ்டாப்வாட்சோடு நிற்கும் கிழவனைப் பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அவனுக்கு வேலை வெட்டி இல்லை. இன்னொன்று, அவனை வீட்டில் விரட்டிவிட்டார்கள். இரண்டுமே தவறு. எனக்கு வேலை இருந்தது, வீட்டில் காபியும் இருந்தது. என் கடைசி மாணவி இருநூறு மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறாள் என்று பார்ப்பதுதான் வேலை. அதைவிட முக்கியமான வேலை அந்த நேரத்தில் சித்தூரில் யாருக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அவள் எனக்குக் கடைசி மாணவி ஆனது திட்டமிட்டு நடந்ததல்ல. முன்பெல்லாம் என்னிடம் இருபது பேர் இருந்தார்கள். திருப்பதியில் சிவப்பு ரப்பர் ஓடுபாதை வந்தது. காசு உள்ளவர்கள் அங்கே போனார்கள். இல்லாதவர்கள் போலீஸ் தேர்வுக்கான கோச்சிங் சென்டருக்குப் போனார்கள். மிச்சம் நின்றது இவள் ஒருத்திதான். இருபத்தொன்பது வயது. மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. சீசனில் எட்டு மணி நேரம் ஈரத்தில் நின்று பழம் பொறுக்குவாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். இந்த வயதில் ஓடி என்ன கிழிக்கப்போகிறாள் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. ஓடுகிறவளைக் காலையில் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவரும் வரவில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்மண். கோடைகாலத்தில் கால் வைத்தால் புழுதி கணுக்கால் வரை ஏறும். முதல் லேனில் காலை நடைக்காரர்கள் போனில் பேசிக்கொண்டு எதிர்த்திசையில் வருவார்கள். ஒரு மூலையில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ஸ்கூட்டரில் எட்டுப் போடுவார்கள். அரசியல் கூட்டம் நடந்தால் மறுநாள் வளைவில் நாலு குழி இருக்கும். குழியை மூடி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டுதான் நாங்கள் ஓட வேண்டும். நான் அளந்து போட்ட கோட்டில் தப்பு கண்டுபிடிக்க இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

எங்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவளுடைய மாமியார். கல்யாணமாகி வந்த மருமகள் விடியற்காலையில் அரைக்கால் உடையில் ஓடப்போகிறாள் என்றதும் காவலுக்கு வந்தவர் அவர். முதல் வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம், "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு எதனா வேல குடுங்க சார்" என்றார். அவர் கையில் கிளாப்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஸ்டார்ட்டர் அவர்தான். "ஆன் யுவர் மார்க்ஸ்" என்பதை அவர் சொல்கிற அதட்டலில் ஓடாதவர்கள்கூட ஓடிவிடுவார்கள். நடைக்காரர்கள் முதல் லேனை விட்டு ஒதுங்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் குரலால்தான்.

கிளாப்பர் என்பது கீல் வைத்த இரண்டு பலகைகள். மூடினால் 'பட்' என்று சத்தம் வரும். துப்பாக்கி வாங்க வழியில்லாத மைதானங்களில் அதுதான் துப்பாக்கி. ஆனால் நேரம் பிடிக்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாட்சை அழுத்தக் கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம். இருநூறு மீட்டர் ஓட்டம் எதிர்ப்பக்க வளைவின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். முடிவது இந்தப் பக்க நேர்பாதையின் கடைசியில். நான் நிற்பது முடிவுக்கோட்டில். மைதானத்துக்குக் குறுக்கே கோடு கிழித்தால் எனக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே நூற்றுப்பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சத்தம் அந்தத் தூரத்தைக் கடந்து என் காதுக்கு வர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் ஓடுகிறவள் கிளம்பிப் போயிருப்பாள். சத்தத்தை நம்பினால் அந்த மூன்றில் ஒரு பங்கு விநாடி அவளுக்கு இனாம்.

அதனால்தான் துப்பாக்கியில் புகையைப் பார்த்து அழுத்துவார்கள். எங்கள் கிளாப்பரில் புகை வராது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பலகைகளின் உள்பக்கம் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியைத் தடவிவிடுவேன். மூடியதும் வெள்ளையாகக் குப்பென்று ஒரு புகை எழும். அது பளிச்சென்று தெரிவதற்காக ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவைப்பேன். நான் படியில் நான்கு படி மேலே நின்று, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் குடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளை தெரிந்ததும் கட்டைவிரல் அழுத்தும். துப்பாக்கியால் குறிபார்ப்பவன் போல ஒற்றைக் கண்ணால் பார்ப்பது என் முப்பது வயதிலிருந்து வந்த பழக்கம்.

அந்த வருடம் எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு எண். இருபத்தைந்து புள்ளி ஐந்து. திருப்பதியில் மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் நடக்கவிருந்தது. இருநூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்கு அணியில் இடம். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அவள் விண்ணப்பம் போடலாம். அந்த விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு, அவளுக்கு அதில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சீசன்தான். திருப்பதிக்குப் பெயர் அனுப்புவது மாவட்டச் சங்கம். கையால் பிடித்த நேரம் இருபத்தைந்து ஐந்துக்குள் இருக்கிறது என்று கோச் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பெயர் போகும் என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். எனக்குக் கவலையே இல்லை. என் நோட்டில் அவளுடைய சிறந்த நேரம் இருபத்தைந்து இரண்டு.

படிவம் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலை, கடைசியாக ஒருமுறை ஓடவைத்தேன். வளைவில் நன்றாகத் தண்ணீர் தெளித்திருந்தோம். காற்று இல்லை. காலை உதைத்துக் கிளம்புவதற்கான பிளாக்கில் அவள் கால் வைத்து உட்கார்ந்தாள். மாமியாரின் குரல் கேட்டது. வெள்ளைப் புகையைப் பார்த்தேன், அழுத்தினேன். பார்த்தேன் என்றுதான் அந்த நிமிடம் சத்தியம் செய்திருப்பேன். வளைவைத் தாண்டி, தண்ணீர் தெளிக்காத நேர்பாதைக்கு அவள் வந்த வேகத்தில் புழுதி பின்னால் ஒரு லாரிக்கு எழுவது போல எழுந்தது. முடிவில் நான் ஓடுகிறவளைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்ப்பேன். தலை கடந்தால் கணக்கில்லை, கை கடந்தால் கணக்கில்லை. கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள உடம்பு கோட்டைத் தொடும்போது அழுத்த வேண்டும். அழுத்தினேன். இருபத்தைந்து ஒன்று எட்டு. கைநேரத்தை மேல்நோக்கித்தான் எழுத வேண்டும் என்பதால் இருபத்தைந்து இரண்டு.

அவள் முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது மாமியார் கிளாப்பரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தார்.

"சார், நாளைக்கி வர்றப்போ பவுடர் எடுத்தாங்க. டப்பா காலி. இன்னிக்கி சும்மாதான் தட்டினேன்."

"எப்போ காலி?"

"நீங்க வளைவுக்குத் தண்ணி தெளிச்சிக்கினு இருந்தீங்க இல்ல, அப்பவே. பலகையில ஒட்டிக்கினு இருந்ததையும் நான்தான் தொடச்சிட்டேன். பொடவையெல்லாம் ஆவுது."

பலகையை வாங்கிப் பார்த்தேன். கழுவிவைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. நான் புகையைப் பார்த்தேன். இல்லாத புகையைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம். அந்த அம்மாவைத் திரும்பிப் போய் அதே இடத்தில் நிற்கச் சொன்னேன். கோடு போட வைத்திருந்த மூட்டையின் அடியைச் சுரண்டி ஒரு கைப்பிடி பொடி கொடுத்தனுப்பினேன். "பொடி போட்டு, சத்தம் வராம மெதுவா மூடுங்க. மூணு வாட்டி. எப்ப வேணா மூடுங்க, என்னைக் கேக்க வேணாம்" என்றேன். படியில் ஏறி இடது கண்ணை மூடிக்கொண்டு குடையைப் பார்த்தபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். குடை தெரிந்தது. குடைக்கு முன்னால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா அங்கிருந்து கையை ஆட்டி, "இன்னா சார், மூணும் ஆச்சே!" என்று கத்தினார்.

வாட்ச் பூஜ்யத்தில் இருந்தது. நான் ஒருமுறைகூட அழுத்தவில்லை.

வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். மறுபடி மூடச் சொன்னேன். கறுப்பில் வெள்ளை குப்பென்று எழுந்தது, தெளிவாக. அதுவரை என் வலது கண்ணில் புரை விழுந்திருப்பது எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொண்டிருந்தது. நேரம் பிடிக்கும்போது மட்டும் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, கெட்டுப்போன கண்ணை நம்பிக்கொண்டு, காதால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். காது சொன்னதைக் கண் பார்த்ததாக மனம் கதை கட்டியிருக்கிறது. மற்ற ஊர்க் கோச்சுகள் சத்தத்தில் அழுத்துகிறார்கள் என்று எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்! அவர்கள் தெரிந்து செய்தார்கள். நான் தெரியாமல் செய்தேன். எது கேவலம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். எழுதிய நேரமெல்லாம் தப்பு, ஒவ்வொன்றோடும் மூன்றில் ஒரு பங்கு விநாடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காலணியின் ஆணிகளில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் குச்சியைத் தூக்கி எறிந்தாள்.

"இருபத்தஞ்சு ரெண்டு, இருபத்தஞ்சு ரெண்டுன்னு சொல்லிக்கினுதான் சார் நான் அந்தக் கூழ் நாத்தத்துல நின்னுக்கினு இருந்தேன். அது பொய்யா?"

"பொய் இல்லம்மா. என் தப்பு."

"எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அவள் சொன்னது நியாயம். மாமியார்தான் நடுவில் வந்தார். "இப்ப இன்னா? தப்பா புடிச்சா திரும்பப் புடிக்கறது. அரிசி அளக்கறப்போ படி ஓட்டையா இருந்தா இன்னா பண்ணுவோம், சோறு ஆக்காம வுட்டுருவோமா?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று எட்டோடு மூன்று மூன்று. இருபத்தைந்து ஐந்து ஒன்று. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறாள். இன்றைய ஓட்டத்தின் அசதியோடு மறுநாள் இதைவிட ஒரு துளியாவது வேகமாக ஓடினால்தான் உண்டு. படிவம் மறுநாள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். நான் இருபத்தைந்து இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் அதுதான் பொய். வந்தது. ஓரிரு நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தது. பிறகு எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. ஒரு கண் போனது போதும், இன்னொன்றையும் நானே குத்திக்கொள்வதா?

"நாளைக்கு ஓடறியா?" என்று கேட்டேன்.

"ஓடாம?" என்றாள். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் காலை புதுப் பொடியை வழக்கத்தைவிட இரண்டு பங்கு தடவினேன். குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டினேன். என் வலது கண்ணின் மீது கைக்குட்டையை மடித்து வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். நடைக்காரர் ஒருவர் நின்று, "ஏமைந்தி சார், தெப்பயா?" என்று தெலுங்கில் கேட்டார். அடிபடவில்லை, நேரம் பிடிக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஊருக்கு என்னைப் பற்றி மூன்றாவது கருத்து ஒன்று கிடைத்திருக்கும்.

ஐம்பது மீட்டர் ஓட்டம் நான்கு ஓடச் சொல்லி உடம்பைச் சூடாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கிளாப்பரை மூடச் சொல்லி இடது கண்ணுக்குப் பழக்கம் செய்தேன். வெள்ளை தெரிந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் வெள்ளை, அப்புறம் 'பட்'. நடுவில் இருந்த அந்த இடைவெளி எனக்கு எவ்வளவு பெரியதாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. அத்தனை பெரிய இடைவெளியை நான் எத்தனை மாதம் விழுங்கியிருக்கிறேன்!

அவள் பிளாக்கில் உட்கார்ந்தாள். "செட்" என்று குரல் வந்தது. இடுப்பு உயர்ந்தது. வெள்ளை. அழுத்தினேன். சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

வளைவில் அவள் இடது தோளை உள்ளே சாய்த்து ஓடினாள், நான் நூறு முறை திட்டித் திட்டிச் சொன்னபடி. நேர்பாதைக்கு வந்தபோது கைகளின் வீச்சு குறையவில்லை. கடைசி முப்பது மீட்டரில் எல்லோருக்கும் தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் காதுக்கு ஏறும். அவளுக்கும் ஏறியது. கோட்டுக்கு முன்னால் மார்பை முன்னே தள்ளினாள். அழுத்தினேன்.

வாட்சை இடது கண்ணுக்கு அருகில் கொண்டுபோனேன். இருபத்தைந்து புள்ளி ஐந்து ஒன்று.

அவள் மூச்சு வாங்கியபடியே படிக்கு வந்தாள். மாமியாரும் குறுக்கே ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். நான் எண்ணைப் படித்தேன். "அஞ்சு ஒண்ணா? அஞ்சுதானே சார் கேட்டாங்க? ஆயிடுச்சு இல்ல?" என்று மாமியார் மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவளுக்குச் சட்டம் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கையால் பிடித்த நேரம் நூறில் ஒரு பங்கு தாண்டினாலும் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். ஐந்து பூஜ்யம் என்றால் ஐந்து. ஐந்து ஒன்று என்றால் ஆறு. ஐந்து ஒன்றுக்கும் ஐந்து ஒன்பதுக்கும் ஒரே எழுத்துதான். இறக்கி எழுத எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், என் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள்.

"ஆறு எழுதுங்க சார்" என்றாள்.

எழுதினேன். நேற்று என் மீது குச்சியை எறிய வேண்டியவள் அதை மண்ணில் எறிந்தாள். இன்று நான் சொல்லத் தயங்கியதை அவளே சொன்னாள். எனக்கு அவள் மீது வந்த பெருமையை மறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "கடைசி முப்பது மீட்டர்ல தோள் ஏறுது" என்று மட்டும் சொன்னேன்.

சங்கச் செயலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான், தமிழும் தெலுங்கும் கலந்து இனிமையாகப் பேசுவார். "வாட்ச்ல எவ்ளோ சார்?" என்று கேட்டார். ஐந்து ஒன்று என்றேன். "மரி? அந்த ஒண்ண தூக்கிப் போடுங்க சார். வாட்ச்லயே அஞ்சுன்னுதானே இருக்குது. எவரு சூஸ்தாரு, யாரு பாக்கப் போறாங்க? மத்த ஊர்லருந்து வர்ற பேப்பர்லாம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும். அதனாலதான் ஆறு."

"அப்ப பேரு போகாது சார்."

"போகாட்டிப் பரவாயில்ல. நாங்க போறோம்" என்று எழுந்து வந்துவிட்டேன். வீம்புக்குத்தான் சொன்னேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது. பெயர் இல்லாமல் எங்கே போவது? ஆனால் சொல்லியாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பெயர் போகாதவளை ஓட விடு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, விடாதே என்றும் எழுதியிருக்கவில்லை. இது போட்டி அல்ல, தேர்வு ஓட்டம். லேன் காலியாக இருந்தால் நடத்துகிறவர்கள் நினைத்தால் நிரப்பலாம். காலியாக இருக்குமா? பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்த தேர்வை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதை நம்பி மூன்று பஸ் டிக்கெட்.

ஞாயிறு விடியற்காலை பஸ்ஸில் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பும் கூட்டம். மாமியார் ஒரு பையில் இட்லியும் இன்னொரு பையில் கிளாப்பரும் எடுத்து வந்திருந்தார். கிளாப்பர் எதற்கு என்றேன். "இருக்கட்டும் சார், அங்க மிஷினு கெட்டுப்போச்சின்னா?" என்றார். மருமகள் முதல்முறையாகச் சிரித்தாள். அவள் காலையில் இரண்டு இட்லிதான் தின்ன வேண்டும் என்று நான் சொல்ல, மாமியார் மூன்று என்று சண்டை போட, திருப்பதி வந்துவிட்டது.

சிவப்புப் பாதை. வெள்ளைக் கோடுகள் பெயிண்டால் போட்டவை. முடிவுக்கோட்டில் கேமரா, நேர் எதிரே எண்கள் ஒளிரும் பலகை. துப்பாக்கி வெடித்தால் கடிகாரம் தானே ஓடும், யாருடைய கண்ணும் விரலும் தேவையில்லை. எனக்கு அந்த இயந்திரத்தின் மீது பொறாமையாக இருந்தது.

பதிவு மேசையில் ஒரு நடுவர் அம்மா உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். எங்கள் பெயர் பட்டியலில் இல்லை, நேரம் தகுதிக்கு நூறில் ஒரு பங்கு அதிகம், லேன் காலியாக இருந்தால் கொடுங்கள் என்றேன். என் தாளை நீட்டினேன். அதில் வாட்ச் காட்டிய எண், எழுதிய எண், எந்தக் கண்ணால் பிடித்தேன் என்பது வரை எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த மற்றவர்களின் படிவக் கட்டை எடுத்துப் புரட்டினார். இருபத்தைந்து ஐந்து. இருபத்தைந்து நான்கு. இருபத்தைந்து ஐந்து. இருபத்தைந்து ஐந்து.

"இங்க இருக்கிற பேப்பர்ல நான் நம்பறது இது ஒண்ணுதான்" என்றார். "ஆனா லேன் காலியா இருந்தாத்தான் சார். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ரெடியா இருக்கச் சொல்லுங்க."

ஓட்டத்துக்கு இருபது நிமிடம் முன்னால் பெயர் கூப்பிட்டார்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவளுக்கு எட்டாவது லேன் கிடைத்தது. வெளி லேன். வளைவு அகலம், ஆனால் எல்லோருக்கும் முன்னால் நின்று கிளம்ப வேண்டும், பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. "நம்ம ஊர்ல எப்பவும் தனியாத்தானே ஓடறே. இங்கயும் அப்படியே ஓடு" என்றேன். பஸ்ஸிலேயே கணக்குச் சொல்லியிருந்தேன்: கைநேரத்தோடு விநாடியில் நூறில் இருபத்துநான்கு பங்கைக் கூட்டினால் இயந்திர நேரம், இருபத்தைந்து ஏழு ஐந்து வரும், அது வந்தால் போதும் என்று.

நானும் மாமியாரும் வேலிக்கு வெளியே முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். என் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குள் போய் வாட்சைத் தொட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நேரம் பிடிக்காமல் ஓர் ஓட்டத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாக நான் பார்த்தது குடையையும் புகையையும் கோட்டையும்தான். அன்றைக்கு ஓடுகிறவளைப் பார்த்தேன்.

வெடித்தது. வெளி லேனில் அவள் தனியாக, யாரையும் பார்க்காமல், கூழ்த் தொழிற்சாலையையும் என் கண்ணையும் செயலாளரையும் மிதித்துக்கொண்டு வருவது போல வந்தாள். நேர்பாதையில் உள் லேனில் ஒருத்தி முன்னால் போனாள். இவளுக்கும் நடு லேனில் ஓடிய பெண்ணுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. தோள் ஏறியது. இறக்கு, இறக்கு என்று கத்தினேன். இறக்கினாள். மாமியார் தெலுங்கில் என்னவோ கத்தினார், அது இங்கே எழுதக்கூடியது அல்ல. இருவரும் சேர்ந்தே கோட்டைக் கடந்தார்கள்.

அவள் வேகம் குறைந்து, திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஓடி முடித்ததும் என்னிடம் வந்து கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியாது.

"எவ்ளோ சார்?"

"தெரியாதும்மா" என்றேன். "நான் புடிக்கல. இவ்ளோ தூரத்துல அந்தப் பலகை நம்பர் என் நல்ல கண்ணுக்கும் தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கேமராவில் படம் பார்த்து முடிவு சொல்ல அவர்களுக்குச் சிறிது நேரம் ஆனது. மாமியார் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் மாறியது மட்டும் தெரிந்தது. அவள் உதட்டை அசைத்து ஒருமுறை தனக்குத்தானே படித்துக்கொண்டாள். பிறகு, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டுவது போல, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள்.

"ரெண்டாவது, லேன் எட்டு. இருபத்தஞ்சு. பாயிண்ட். ஆறு. எட்டு."

நோட்டை எடுத்து வேலிக்கம்பி மேல் வைத்து எழுதினேன். நாற்பது வருடத்தில் இன்னொருவர் சொன்ன நேரத்தை நான் சரிபார்க்காமல் எழுதியது அன்றைக்குத்தான்.